தணிக்கைக் கட்டணம் உயர்ந்ததற்கான கடிதம் இரண்டு முறை திரும்பிவிட்டது

ஒரு தனியார் நூற்பாலை நிறுவனத்தின் தணிக்கையாளர் நான். கட்டணம் 6,20,000 ரூபாயிலிருந்து 8,00,000 ஆக உயர்வதை விளக்கி இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் ஏற்கப்படவில்லை.

மணிக்கு 2,000 ரூபாய் என்ற வீதம் மாறவில்லை. மாறியது நேரம்: 310 மணி 400 ஆகியிருக்கிறது. நவம்பரில் கணக்கு மென்பொருளை மாற்றினார்கள். பழைய நிலுவைகளைப் புதியதோடு ஒப்பிட 40 மணி. இரண்டாவது கிடங்கின் சரக்குக் கணக்கெடுப்புக்கு 20. மீதி 30, விதி 11(g) கேட்கும் திருத்தத் தடப் பதிவுக்கு. திரையில் செய்த திருத்தங்கள் பதிவாகியிருந்தன; தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்தவை பதிவாகவில்லை. மார்ச் வரை தரவுத்தளத் திருத்தங்களைப் பதியும் வசதியே அணைந்திருந்ததைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் போனது.

முதல் கடிதத்தில் தணிக்கைத் தரங்களை அடுக்கினேன். "விதி எல்லோருக்கும்தானே" என்றார்கள், நியாயம்தான். இரண்டாவதில் மணிக்கணக்கு அட்டவணை வைத்தேன். "உங்கள் ஆட்கள் மெதுவாக வேலை செய்தால் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஓர் இயக்குநர் கேட்டார். நேரில் பேசியதில்தான் உண்மையான அச்சம் தெரிந்தது: மென்பொருள் மாற்றம் ஒரு முறை வேலை, ஆனால் உயர்ந்த கட்டணம் நிரந்தரமாகிவிடும் என்கிறார்கள்.

செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் கட்டணம் முடிவாக வேண்டும்.

இத்தகைய கடிதம் எழுதியவர்கள் சொல்லுங்கள்: அந்த 40 மணிக்கான 80,000 ரூபாயை ஒரு முறைக் கட்டணமாகத் தனியே காட்டி, ஆண்டுக் கட்டணத்தை 7,20,000 என்று எழுதுவது சரியாக இருக்குமா?