நீட் பிஜி: வேலை பார்த்துக்கொண்டே படிக்க 12 மாத அட்டவணை, உதவி தேவை

கேள்வி
ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் தேர்வு என்று வைத்து, செப்டம்பரில் தொடங்குகிறேன். போன வருடம் அனாடமியில் ஆரம்பித்து 19 பாடங்களுக்கும் வரிசையாக வீடியோ பார்த்தேன். முடிக்கவே ஜூன் ஆகிவிட்டது, முதலில் படித்தது எதுவும் நினைவில் இல்லை. வாரத்தில் நான்கு நாள் இரவு 2 மணி நேரம், ஞாயிறு 6 மணி நேரம் கிடைக்கும். நைட் டூட்டி அன்றும் மறுநாளும் படிக்க முடிவதில்லை. எப்படிப் பிரிப்பது?

பதில் 1
காலை 4 மணிக்கு எழுந்திருங்க மேடம். தினமும் 3 மணி நேரம், ஒரு நாளும் விடக்கூடாது. நான் அப்படித்தான் படித்தேன்.

பதில் 2
நைட் டூட்டி முடிந்து வருகிறவருக்கு அது சரிவராது சார். தினக்கணக்கு வேண்டாம், வாரக்கணக்கு போடுங்கள் டாக்டர். உங்களுக்கு வாரம் 14 மணி நேரம், வருடத்துக்கு 728. வீடியோ மொத்தமாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கூட்டிப் பாருங்கள். 600 மணி நேரம் என்றால் கேள்வி போடவும் திருப்பிப் படிக்கவும் சேர்த்து 128 மணி நேரம்தான் மிஞ்சும். போன வருடம் நடந்தது அதுதான்.

தேர்வில் 200 கேள்விகள், 40 கேள்விகள் கொண்ட ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம். உங்கள் ஒரு இரவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்: 42 நிமிடம் 40 கேள்வி, மீதி நேரம் தப்பானவற்றுக்கும் குருட்டாம்போக்கில் சரியானவற்றுக்கும் விளக்கம். அதிலும் புரியாத தலைப்புக்கு மட்டும் வீடியோ, அது ஞாயிற்றுக்கிழமை.

முதல் சுற்று பிப்ரவரியோடு முடியட்டும், இரண்டாவது ஜூன் பாதி வரை. அப்புறம் ஞாயிறுதோறும் மூன்றரை மணி நேர முழுத் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, டெங்கு, ஓபி நிரம்பி வழியும். அங்கே தோல், மனநலம், மயக்கவியல், ரேடியாலஜி, காது மூக்கு தொண்டை மாதிரி சின்னப் பாடங்களை வையுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனாலும் இழை அறாது. மெடிசின், சர்ஜரி ஜனவரியில்.

தப்பான கேள்விகளை மூன்று வாரம் கழித்து மறுபடி போடுங்கள். பாதிக்கு மேல் திரும்பவும் தப்பினால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

பதில் 3
அக்கா, சர்வீஸ் கோட்டாவுக்கு எத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்? எனக்கு இப்போதுதான் ஒரு வருடம் முடிந்தது.

பதில் 4
பதில் 2 சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். பேத்தாலஜியும் ஃபார்மாவும் முடிக்காமல் மெடிசினுக்குப் போனால் விளக்கமே புரியாது. அவற்றை மழைக்கு முன், செப்டம்பரிலேயே தொடங்கணும்.

பதில் 2
ஒரே மாதத்தில், சுமார் 60 மணி நேரத்தில் இரண்டும் முடியுமா? எனக்கு முடியவில்லை.

கேள்வி கேட்டவர்
கூட்டிப் பார்த்தேன், வீடியோ மட்டும் 640 மணி நேரம். செப்டம்பரில் ஃபார்மாவை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். பேத்தாலஜி எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. தம்பி, சர்வீஸ் கோட்டா விதியைக் கவுன்சலிங் விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள், எனக்கும் அதுதான் ஆதாரம்.