வாளியோடு மாடி ஏறினால் நாடி 140: இதை உடற்பயிற்சியாகக் கணக்கிடலாமா?

கயல்விழி:
எனக்கு வயது 52. உட்கார்ந்திருக்கும்போது நாடி 72. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாள்தோறும் அரை மணி நேரம் தரை துடைக்கிறேன்; அப்போது கைக்கடிகாரம் 104 காட்டுகிறது. எட்டெட்டுக் கிலோ எடையுள்ள இரண்டு வாளித் தண்ணீரை 36 படிகள் தூக்கிச் செல்லும்போது 140 காட்டுகிறது. அதே படிகளை வெறுங்கையோடு ஏறி முடித்ததும் பார்த்தால் 96தான். இவற்றில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்?

இளவேனில்:
அனைத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 220இலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் 168 வருகிறது. அதில் 50 முதல் 70 சதவீதம் வரை, அதாவது 84இலிருந்து 118 வரை மிதமான உழைப்பு என்பதே பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆகவே 104இல் தரை துடைப்பது அதற்குள் அடங்கிவிடுகிறது. 140 என்பது 83 சதவீதம். அது கடுமையான உழைப்பு என்பதால் ஒவ்வொரு நிமிடத்தையும் இரண்டு நிமிடமாகக் கணக்கிடலாம். ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதய நோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் தனியாக உடற்பயிற்சி செய்யப் போனவர்கள் அல்லர்.

நிலவன்:
நான் இதை ஏற்கவில்லை. அதே மோரிஸ் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டுநர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, அவர்களின் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததைக் கண்டார். இளம் வயதினரிடமும் அந்த வேறுபாடு இருந்தது. எனவே முழுப் பெருமையையும் படிகளுக்குக் கொடுக்க முடியாது. மேலும், பத்து நிமிடமாவது இடைவிடாமல் செய்தால்தான் கணக்கு என்று படித்திருக்கிறேன். 36 படிகள் ஒரு நிமிடம்கூட ஆகாது. என் அம்மா நாற்பது ஆண்டுகளாக எல்லா வீட்டு வேலையும் செய்தவர், ஆனாலும் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். களைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

மருதன்:
பிசியோதெரபித் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் பத்து நிமிட விதி: உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் அது இல்லை. எவ்வளவு குறுகிய நேரம் செய்தாலும் கணக்கில் சேரும்; வீட்டு வேலையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இளவேனில் சொன்ன 84 என்ற கீழ் எல்லையில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வில் 72 துடிக்கும் ஒருவர் எழுந்து அடுத்த அறைக்கு நடந்தாலே 84 வந்துவிடும். ஓய்வுநிலை நாடியையும் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் கயல்விழியின் உச்ச நாடி ஏறத்தாழ 172. அதிலிருந்து 72 போனால் மீதம் சரியாக 100. அந்த நூறில் 40 முதல் 60 பங்கு வரை மிதமான உழைப்பு என்பதால், ஓய்வுநிலை 72ஐத் திரும்பக் கூட்டும்போது 112 முதல் 132 வரை வருகிறது. 104 அதற்குக் கீழே நிற்கிறது. இந்தச் சூத்திரம் தனிமனிதருக்குப் பத்துத் துடிப்பு மேலோ கீழோ பிசகக்கூடும் என்பதால் அந்தக் கோட்டைக் கல்லில் வெட்டியதாக நினைக்க வேண்டாம்.

எனக்கு அதிக அக்கறை அந்த 96இலும் 140இலும்தான், ஏனென்றால் இரண்டுமே அவற்றின் உழைப்பைச் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெறுங்கையோடு ஏறும்போது கால் தசைகள் முதல் படியிலேயே முழு உழைப்பைத் தொடங்கிவிடுகின்றன, நாடியோ மெதுவாகத்தான் அந்த உயரத்தை எட்டும். அரை நிமிட ஏற்றத்தில் அது வந்து சேர்வதற்குள் படிகள் முடிந்துவிடுகின்றன. கடிகாரம் கடந்த சில விநாடிகளின் சராசரியைக் காட்டுவதால் இன்னும் பின்தங்கும். ஆகவே 96 உண்மையைவிடக் குறைவு. வாளியில் நடப்பது இதற்கு நேர்மாறு: கைப்பிடியை இறுகப் பற்றும்போது முன்கைத் தசை சுருங்கியபடியே நிற்கிறது, அதற்குள் ரத்தம் தாராளமாகப் பாய முடியாது, உடல் அதை ஈடுகட்ட நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து உயர்த்துகிறது. அந்தக் கூடுதல் துடிப்புகளுக்கு ஏற்ற அளவு ஆக்சிஜன் செலவாவதில்லை. நடையில் 140 என்பதும் வாளியில் 140 என்பதும் ஒன்றல்ல.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே படிகளை மூன்று விதமாக ஏறுங்கள்: வெறுங்கையோடு, வாளிகளோடு, பிறகு அதே 16 கிலோவை முதுகுப் பையில் வைத்து. மேலே நின்று ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை விரலால் எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில், கட்டைவிரலின் பக்கமாக இருக்கட்டும். கட்டைவிரலால் எண்ணினால் அதன் துடிப்பே உங்களைக் குழப்பும்.

செல்வம்:
இதே சிக்கல் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் தந்தைக்கு வயது 67, ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எவ்வளவு வேகமாகப் படி ஏறினாலும் நாடி 98ஐத் தாண்டுவதில்லை. நாடியை உயர்த்தத்தானே நீங்கள் வாளியைச் சொல்கிறீர்கள்? அவரும் சுமை தூக்கி ஏறினால் தேவையான எண் வந்துவிடுமா?

மருதன்:
செல்வம், தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். நாடியை உயர்த்துவதற்காக நான் வாளியைச் சொல்லவில்லை. அந்த மாத்திரையின் வேலையே நாடியைத் தாழ்த்துவதுதான். ஆகவே நான் மேலே போட்ட கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது. அவர் ஏறும்போது பேச்சைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தைச் சிரமமின்றிச் சொல்ல முடிந்து, ஆனால் பாட முடியாமல் போனால் அது மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு ஒருமுறை நின்று மூச்சு விட வேண்டியிருந்தால் அது கடுமையானது. அழுத்த நோயுள்ளவர் சுமையை இறுகப் பற்றி மூச்சை அடக்கி ஏறுவதுதான் நான் அஞ்சுவது. அவருக்குச் சுமை வேண்டுமா, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

கயல்விழி:
மூன்று நாட்கள் செய்து பார்த்தேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இடையில் நாடி எண்பதுக்குக் கீழே இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வெறுங்கையோடு ஏற 36 விநாடி ஆயிற்று. 15 விநாடியில் 29 துடிப்பு, அதாவது 116. வாளிகளோடு தண்ணீர் தளும்பாமல் ஏற 45 விநாடி. 35 துடிப்பு, 140. முதுகுப் பையோடும் வேண்டுமென்றே 45 விநாடி எடுத்துக்கொண்டேன். 31 துடிப்பு, 124. மூன்று நாட்களிலும் ஒரு துடிப்புக்கு மேல் மாறவில்லை.

ஒரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். வாளியை இறக்கி வைத்ததும் விரல் மடிப்புகளில் கைப்பிடியின் சிவந்த கோடு பதிந்திருந்தது, விரல்கள் உடனே விரியவில்லை, மணிக்கட்டில் துடிப்பு பிடிபடவே பத்து விநாடி போய்விட்டது. முதல் நாள் எண்ணிக்கையை அதனால் விட்டுவிட்டு நான்காம் நாள் மறுபடி எடுத்தேன். கழுத்தில் எண்ணலாமா? இன்னொன்றும் தெரிந்தது: வாளியோடு கடைசிப் பத்துப் படிகளில் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

மருதன்:
கழுத்தில் எண்ணலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும், மெல்லத் தொட்டு. அங்கே அழுத்தினால் நாடியே குறைந்துவிடும். எண்ணத் தொடங்கும் முதல் துடிப்பைப் பூஜ்யம் என்று சொல்லுங்கள், ஒன்று என்று சொன்னால் நிமிடத்துக்கு நான்கு கூடிவிடும்.

உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறுங்கையோடு 60 கிலோவை 36 விநாடியில் ஏற்றினீர்கள், சுமையோடு 76 கிலோவை 45 விநாடியில். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறிய எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுமை கூடியதை வேகம் குறைந்தது சரிக்கட்டிவிட்டது. முதுகுப் பையில் வந்த எட்டுத் துடிப்புக் கூடுதலுக்கு, நாடிக்கு மேலும் ஒன்பது விநாடி கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணியதில் அது இரண்டே துடிப்பு என்பதால் அதிகம் வலியுறுத்த மாட்டேன். ஆனால் பைக்கும் வாளிக்கும் எடையும் ஒன்று, நேரமும் ஒன்று. அப்படியும் 16 துடிப்பு வேறுபாடு. அதைக் கைப்பிடியும் அடக்கிய மூச்சும் சேர்த்தவை என்றே படிக்கிறேன்.

இளவேனில்:
கைப்பிடியால் வந்தாலும் துடிப்பது அதே இதயம்தானே? அந்த 16ஐ ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்?

மருதன்:
இதயத்துக்கு அது வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 150 நிமிடக் கணக்கு நடை போன்ற உழைப்பை வைத்து எழுதப்பட்டது. அதில் பெரிய தசைகள் விரிந்து சுருங்கி ரத்தத்தை நிறைய ஓட விடுகின்றன. வாளியில் இதயம் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே வாளி ஏற்றத்தை 140க்கு உரிய கடுமையான நிமிடமாக இரட்டிப்பாக்காமல், 124க்கு உரிய மிதமான நிமிடமாக ஒற்றையாகவே எழுதுங்கள் என்பேன். வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. வாளியை அந்தக் கணக்கில் சேர்ப்பது இன்னும் பொருத்தம். பாதி நீரோடு இருமுறை ஏறினால் பிடி தளரும், மூச்சும் அடைபடாது, படிகளின் நிமிடமும் இரட்டிக்கும்.

நிலவன்:
பத்து நிமிட விதியைப் பற்றி நான் படித்தது பழையது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாளைக்கு ஐந்து முறை ஏறினாலும் நான்கு நிமிடம்கூட வரவில்லை. 150க்கு அது எந்த மூலைக்கு?

மருதன்:
வாரத்துக்கு 26 நிமிடம் வருகிறது, அது போதாது என்பதில் நீங்கள் சொல்வது சரி. நான் அதற்கு மேல் வாதாட மாட்டேன்.

கயல்விழி:
தரை துடைப்பதையும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அரை மணி என்று நான் நினைத்ததில் துணி தரையில் நகர்ந்தது 17 நிமிடம்தான். மீதி நேரம் நாற்காலிகளை நகர்த்தவும் துணியைப் பிழியவும் போயிருக்கிறது. குந்தி உட்கார்ந்து நிறுத்தாமல் துடைத்தபோது விரலால் எண்ணியதில் 116 வந்தது. அன்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன், அறையும் வெப்பமாக இருந்தது.

இளவேனில்:
பார்த்தீர்களா, 112ஐத் தாண்டிவிட்டது. இனி தரை துடைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருதன்:
வெப்பம் மட்டுமே பத்துத் துடிப்பை எளிதாகக் கூட்டிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, அதே வேகத்தில், இன்னும் இரண்டு நாள் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.