திண்ணைப் பாட்டிக்கு உயிர் கொடுக்க உதவுங்கள்

நண்பர்களே, ஒரு சிறுகதையின் இரண்டாம் வரைவில் சிக்கி நிற்கிறேன். பேத்தி மேலே படிப்பதா, வந்திருக்கும் வரனுக்குச் சம்மதிப்பதா என்பதுதான் கதை. முதல் வரைவில் பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே, பேத்தி அழும்போதெல்லாம் ஒரு பழமொழி சொல்வாள். அவள் வசனங்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதில் எட்டு, பேத்தியின் கேள்விக்குப் பதில். அவளுக்கென்று எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கோளாறு அங்கேதான் என்று புரிந்தது.

அதனால் பழமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவளுக்கு ஓர் ஆசை கொடுத்தேன். மகன் படிப்புக்காக அடகு வைத்த பாம்படத்தை மீட்க வேண்டும். வெறும் காதுத் துளையை விரலால் தடவிக்கொண்டே, "கல்யாணம் பண்ணிக்கோ தாயி" என்கிறாள். பேத்தியும் படிக்கப் போய்விட்டால் மீட்கப் பணம் வராது என்ற பயம் அதில் இருக்கிறது. இப்போது அவள் சொல் தப்பாகவும் இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். பாம்படம் வந்ததும் பேத்தி பின்னுக்குப் போய்விட்டாள். பாட்டியின் ஆசையை எந்தக் கட்டத்தில் வாசகருக்குக் காட்டலாம்? அறிவுரைக்கு முன்பா, பேத்தி முடிவெடுத்த பிறகா? பின்னால் வைத்தால் திடீர்த் திருப்பம் மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

அப்புறம், வீட்டு வேலைக்காரர் ஒருவரும் சிரிப்புக்காக மட்டுமே வருகிறார். கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் செய்வாரே, அந்தத் துணிச்சலை இவருக்கும் கொடுக்க நினைக்கிறேன். இப்படி எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.