12 வருட மெர்ச்சண்டைசிங் அனுபவத்தை மென்பொருள் கம்பெனிக்கு எப்படி எழுதுவது?

நூல்கண்டு:
திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் 12 வருடம் மெர்ச்சண்டைசர். விண்ணப்பிப்பது மென்பொருள் கம்பெனியில் இம்ப்ளிமென்டேஷன் மேனேஜர் வேலைக்கு. கவர் லெட்டரில் லேப் டிப், பி.பி. சாம்பிள் என்று எழுதினால் அங்கே யாருக்குப் புரியும்?

கடலோரம்:
துறைப் பெயரையே எடுத்துவிடுங்கள். ஒருங்கிணைப்பு, தலைமைப் பண்பு என்று பொதுவாக எழுதினால் எங்கேயும் பொருந்தும்.

மாடிவீடு:
பாதி சரி. துறைச் சொல்லைக் குறைக்கலாம், துறையை மறைக்கக் கூடாது. ரெஸ்யூமேயைத் திறந்ததும் தெரிந்துவிடும், மறைத்தது மட்டும் உறுத்தும். எங்கேயும் பொருந்துகிற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே.

வேலை அறிவிப்பில் திரும்பத் திரும்ப வரும் பொறுப்புகளில் இரண்டை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளரின் தேவையை எழுத்தில் உறுதிசெய்வது, பல குழுக்களை ஒரே தேதிக்குக் கொண்டுவருவது என்று வைப்போம். ஆடையின் விவரங்களை எழுதிவைக்கும் டெக் பேக்கும், ஒவ்வொரு வேலைக்கும் தேதி குறிக்கும் டி அண்ட் ஏ காலண்டரும் அதைத்தானே செய்கின்றன? பெயரை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். மாதிரிக்கு (கடிதம் ஆங்கிலத்தில் போகட்டும், சாரம் இது):

"சாயமிட்ட துணியில் ஒரு பகுதி நிறம் ஒத்துவராமல் 9 நாள் பிந்தியது. தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குச் சொல்லி, நிறம் சரியாக இருந்த துணியில் தையலைத் தொடங்கி, சரக்கை இரண்டு தவணையாக அனுப்ப ஒப்புதல் வாங்கினேன். விமானத்தில் அனுப்பும் செலவு மிச்சம்."

ஆடைத் தொழில் தெரியாதவருக்கும் இது புரியும். எண்களை உங்கள் ஆர்டரிலிருந்து போடுங்கள். ஸ்பிரிண்ட், பேக்லாக் என்று அவர்கள் சொல்லை மட்டும் இரவல் வாங்காதீர்கள். நேர்முகத்தில் முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

மணல்மேடு:
எனக்கும் இதே பிரச்சினைதான். வங்கி வேலையில் 3 வருட இடைவெளி. அதையும் இப்படி மாற்றி எழுதலாமா?

மாடிவீடு:
அது வேறு கேள்வி, நண்பரே. இடைவெளிக்குக் காரணத்தை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நூல்கண்டு, உங்கள் கம்பெனியில் இ.ஆர்.பி. மென்பொருள் உண்டா?

நூல்கண்டு:
உண்டு. பழையதிலிருந்து புதியதற்கு மாறியபோது கட்டிங், பேக்கிங் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அது என் பொறுப்பில் இல்லாததால் ரெஸ்யூமேயில் போடவில்லை.

மாடிவீடு:
முதல் பத்தியே அதுதான்! புதிய மென்பொருளைப் பழகாத ஆட்கள் கையில் சேர்ப்பதுதான் இம்ப்ளிமென்டேஷன் வேலை. எத்தனை பேர், எத்தனை வாரம், எங்கே மறுத்தார்கள், எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். நிறப் பிரச்சினை இரண்டாவதாக வரட்டும். "ஐ.டி. அனுபவம் இல்லாவிட்டாலும்" என்று தொடங்கவே வேண்டாம்.

கடலோரம்:
ஏன் துறை மாறுகிறார் என்று சொல்ல வேண்டாமா? 12 வருடம் கழித்து என்றால் கேட்பார்களே.

மாடிவீடு:
கடைசியில் ஒரு வரி போதும், அதுவும் போகிற இடத்தைப் பற்றி.

கடலோரம்:
ஒரு வரி பத்தாது என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. சம்பளம் குறைந்தாலும் வருவாரா என்ற சந்தேகம் அவர்களுக்குப் போகாது.