மட்டு 6-ல நாலு மூலம்: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

கரும்பலகை:
டியூஷன்ல பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் முடிஞ்சதும் x² − 5x + 6 கொடுத்தேன். மட்டு 5-லயும் மட்டு 6-லயும் எந்தெந்த எண்ணுக்கு 0 வருதுன்னு பாருங்கன்னு சொன்னேன். 5-ல எதிர்பார்த்த மாதிரி 2, 3 மட்டும். 6-ல 0, 2, 3, 5. பசங்க கூட்டல் தப்புன்னு நினைச்சாங்க. ஒரு பொண்ணு மட்டும் “−5-ன்னா 1 தானே, 6-ன்னா 0 தானே”ன்னு x² + x-னு மாத்தி எழுதி, “அப்ப (x−2)(x−3)-உம் x(x+1)-உம் ஒண்ணா சார்?”னு கேட்டுது. ஒண்ணுதான். ஒரே கோவை, இரண்டு காரணிப்படுத்தல். அந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

மீதிக்காரன்:
இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. மட்டு 2-ல x(x+1)-க்கு 0, 1 இரண்டுமே மூலம். மட்டு 3-ல 0, 2. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு எப்படிச் சேர்த்தாலும் மட்டு 6-ல ஒரு எண் கிடைக்கும். 2-ஆல வகுத்தா மீதி 1, 3-ஆல வகுத்தா மீதி 2, அதுதான் உங்க 5. இரண்டு இரண்டு நாலு. பகு எண்ணுன்னா மூலம் கூடிடும், அவ்வளவுதான்.

தென்காசி_ராணி:
“கூடிடும்”னு அடிச்சுச் சொல்லாதீங்க. மட்டு 9-ல x² − 1 போட்டுப் பாருங்க: 1, 8 மட்டுமே. மட்டு 6-ல x² + 1-க்கு ஒரு மூலம்கூட இல்ல, ஏன்னா மட்டு 3-லயே இல்ல. கூட வழி இருக்குன்னு மட்டும் சொல்லலாம். பகா எண் p-யில பெருக்கல் 0 ஆகணும்னா, p இரண்டு காரணியில ஒண்ணையாவது வகுத்தாகணும். 6-க்கு அந்தக் கட்டாயம் இல்ல. x = 5-ல காரணிகள் 3-உம் 2-உம். ரெண்டுமே 0 இல்ல, பெருக்கினா 0.

பழைய_பைட்:
நான் பார்த்தது வேற இடம். ஷமிர் 1979-ல சொன்ன ரகசியப் பகிர்வை ஒருத்தர் பைட்டுக்கு வசதின்னு மட்டு 256-ல எழுதியிருந்தார். கோடு 5 + 7x, ரகசியம் 5. 1-ஆம் ஆளுக்கு 12, 3-ஆம் ஆளுக்கு 26. இந்த ரெண்டு பேரும் சேர்ந்தா ரகசியம் வரணும். ஆனா 133 + 135x-உம் அதே 12, 26-ஐத்தான் கொடுக்குது! ரகசியம் 5-ஆ 133-ஆ? ரெண்டு கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 128(x+1). x ஒற்றைப்படையா இருந்தா அது எப்பவும் 0. ஒரு படிக் கோவைக்கு 128 மூலம்! 257-க்கு மாத்துங்கன்னு சொன்னேன், அது பகா எண். ஆனா அதுல 256-ங்கிற மதிப்பும் வரும், பைட்டுல அடங்காது. அந்தச் சண்டை தனிக்கதை.

சூத்திரம்_சுந்தரி:
இருபடிச் சூத்திரம் போட்டா இரண்டுதானே வரும்? நாலு எப்படி?

தென்காசி_ராணி:
சூத்திரத்துல 2-ஆல வகுக்கணும்மா. மட்டு 6-ல 2-க்குத் தலைகீழியே கிடையாது. மூலத்தை எண்ணுறதுக்கு முன்னாடியே அது நின்னுடும்.

எண்_பித்தன்:
யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். கூடுதல் மூலத்தைத் தொல்லைன்னு ஒதுக்காதீங்க, அதுலதான் எண்ணோட காரணி ஒளிஞ்சிருக்கு. 561-ஐ எடுத்துக்கோங்க. ஃபெர்மா சோதனையில 2⁵⁶⁰-க்கு மீதி 1, பகா எண் மாதிரியே நடிக்கும். நடுவுல நிறுத்திப் பாருங்க:

```
>>> pow(2, 140, 561), pow(2, 280, 561)
(67, 1)
```

67-ஓட வர்க்கம் 4489, அதாவது 8 × 561 + 1. அப்ப 67, x² − 1-ஓட மூலம். ஆனா அது 1-உம் இல்ல, −1-உம் இல்ல. பகா எண்ணுல மூணாவது ஆளுக்கு இடமே இல்லாததால, 561 பகு எண்ணுன்னு அங்கேயே மாட்டிக்கிச்சு. இன்னொரு படி போங்க: 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 33, 68-க்கும் 561-க்கும் 17. 33 × 17 = 561. மில்லர்–ராபின் சோதனை தேடுறதே இந்த மாதிரி ஒரு 67-ஐத்தான். டியூஷன் சார், அடுத்த வகுப்புல 15-ஓட ஆரம்பிங்க: 4² = 16, மீதி 1. 4−1, 4+1 ரெண்டுமே காரணி. பசங்க கையாலேயே பிடிச்சிடுவாங்க.

மீதிக்காரன்:
சரி, 9-ஐ ஒத்துக்கிறேன். ஆனா 8-உம் ஒரே பகா எண்ணோட அடுக்குதானே? அங்க மட்டும் x² − 1-க்கு 1, 3, 5, 7-னு நாலு எப்படி?

தென்காசி_ராணி:
x−1, x+1 ரெண்டுக்கும் இடைவெளி 2. அதனால 3 ரெண்டையும் ஒரே நேரத்துல வகுக்க முடியாது, 9 முழுசா ஒரு பக்கமே விழணும். 2 ரெண்டையும் வகுக்கும், 8-ஐப் பிரிச்சுக் கொடுத்துடலாம். x = 3-ன்னா 2 × 4.

மீதிக்காரன்:
அப்ப 16-ல இன்னும் கூடணுமே? போட்டுப் பார்த்தேன், 1, 7, 9, 15. 32-லயும் 1, 15, 17, 31. நாலுலயே நிக்குதே, ஏன்?