கூரைப் பூச்சு: எஸ்.ஆர்.ஐ. எண்ணை எப்படி ஒப்பிடுவது?

கோத்தகிரியில் எங்கள் காளான் கொட்டகையின் தகரக் கூரை மார்ச் வெயிலில் கொதிக்கிறது. வெள்ளைப் பூச்சு அடிக்க இரண்டு டேட்டாஷீட் வாங்கிப் பார்த்தேன். முதலாவதில், வெயிலில் கூரை எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்று காட்டும் எஸ்.ஆர்.ஐ. எண் 108 என்று மட்டும் இருக்கிறது. அடுத்ததில் புதிதாக 102, மூன்று வருடம் வெயில் மழை பட்ட பிறகு 85; எதிரொளிப்பு 0.82, வெப்ப உமிழ்வு 0.90 என்றும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

0.80 எதிரொளிக்கும் வெள்ளைக்கு 100, கறுப்புக்கு 0 என்பதுதான் அளவுகோல், அதனால் நூறைத் தாண்டுவது சரி. ஆனால் இங்குள்ள மூடுபனியில் கூரை சீக்கிரம் பாசி பிடிக்கும், எதிரொளிப்புதான் முதலில் விழும். முதல் கம்பெனியிடமும் கடையிலும் மூன்று வருட மதிப்பைக் கேட்டேன், கிடைக்கவில்லை.

அது இல்லாத 108-ஐ எவ்வளவு குறைத்துக்கொண்டு 85-உடன் ஒப்பிட வேண்டும்?