பெருங்காமநல்லூரை வைத்து ஒரு சட்டவியல் கட்டுரை: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சட்டம் படிக்கிறேன். இயற்கைச் சட்டக் கொள்கையையும் சட்டப் பாசிட்டிவிசத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். பாடநூல்கள் ஜெர்மனியின் நாஜிச் சட்டங்களையே உதாரணம் காட்டுகின்றன. நான் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரை எடுத்துக்கொண்டேன். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இயற்கைச் சட்டக் கொள்கையின் முன்னோடியான அக்வினாஸ் வழியில் பார்த்தால், பிறப்பை வைத்து மனிதரைக் குற்றவாளியாக்கும் ஆணை சட்டமே அல்ல, சட்ட வடிவில் வந்த வன்முறை. ஆகவே மறுத்தவர்கள் எந்தச் சட்டக் கடமையையும் மீறவில்லை. பாசிட்டிவிச அறிஞரான ஹார்ட் வழியில் அது செல்லுபடியாகும் சட்டம்தான். அதிகாரம் பெற்ற அமைப்பு முறைப்படி இயற்றியது, அதிகாரிகள் ஏற்று நடத்தியது. ஆனால் செல்லுபடியாகும் என்பதாலேயே அதற்குப் பணிய வேண்டும் என்று ஹார்ட் சொல்லவில்லை. கீழ்ப்படிய முடியாத அளவு கொடிய சட்டமாகவும் அது இருக்கலாம். பாசிட்டிவிசம் என்றாலே கண்மூடிக் கீழ்ப்படிதல் என்று எழுதுவது பெரும்பிழை. என் முதல் வரைவிலும் அது இருந்தது.

நான் திணறும் இடம் இதுதான். இரு தரப்பும் 'மறுத்தது சரி' என்றே முடித்தால், மிஞ்சுவது பெயர் வேறுபாடு மட்டுமா? பின்னாளில் அந்த அதிகாரிகளை நீதிமன்றத்தில் நிறுத்தினால் விடை மாறும் என்று நினைக்கிறேன்: அக்வினாஸ் வழியில் அவர்களுக்குச் சட்டத்தின் காப்பு இல்லை; ஹார்ட் வழியில் தண்டிக்க வேண்டுமென்றால் முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றியாக வேண்டும். இந்த வாதம் நிற்குமா? மூத்த வழக்கறிஞர்கள் யாராவது சொல்லுங்கள்.